நெல்வயற் கொசுவும் மூளைக் காய்ச்சலும்: தடுப்பூசி ஏன் முன்கூட்டியே வேண்டும்?

கார்த்திகை மாதத்து மாலையொன்றில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைத் தோளில் சாய்த்தபடி அவனுடைய தந்தையார் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். முதல் நாள் காய்ச்சலும் தலைவலியும் கண்டிருந்தன. இரண்டாம் நாள் இருமுறை வாந்தி. ஊரிலுள்ள மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையால் காய்ச்சல் சற்றுத் தணிந்து மறுபடியும் ஏறியது. மூன்றாம் நாள் காலையில் தங்கையைப் பார்த்து வேறொருவர் பெயரைச் சொல்லி அழைத்திருக்கிறான். நண்பகலில் வலக்கையில் தொடங்கிய வலிப்பு உடல் முழுதும் பரவி ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்தது. எங்களிடம் வந்தபோது பெயர் சொல்லி அழைத்தும் அவன் கண் திறக்கவில்லை. புருவத்தின்மேல் அழுத்தினால் மட்டும் கையை அசைத்தான்.

அந்தக் குடும்பத்தினர் யாரென்று எவரும் அறியாதவாறு சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். அன்றிரவு பிரிவுக்கு வெளியே காத்திருந்த சிறுவனின் பாட்டியார் எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இது டெங்குதானா? இவனிடமிருந்து தங்கைக்கும் தொற்றிவிடுமா? தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி போட்டிருக்கிறார்களே, அப்படியிருக்க இவனுக்கு மட்டும் எப்படி வந்தது? மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவதற்கு விடை சொன்னால் இந்நோயின் இயல்பே விளங்கிவிடும் என்பதால் அதனை நோக்கியே இக்கட்டுரையைக் கொண்டுசெல்கிறோம்.

அவனுக்கு வந்திருந்தது ஜப்பானிய மூளைக் காய்ச்சல். ஜப்பான் நாட்டில் 1924-ஆம் ஆண்டு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கொள்ளைநோயாலும், 1935-ஆம் ஆண்டு அங்கேயே இதன் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டதாலும் இப்பெயர் நிலைத்தது. பெயரைக் கேட்டு வெளிநாட்டு நோய் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால், இந்தியாவில் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது நம் வேலூர்ப் பகுதியில்தான். அது 1955-ஆம் ஆண்டு.

கொக்கு, பன்றி, கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நல்ல நீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். ஜப்பானிய மூளைக் காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள் நெல்வயல்களில் பெருகுகின்றன. நடவு முடிந்து, பயிர் இன்னும் அடர்ந்து வளராமல், வெயில் படும் ஆழமற்ற நீர் தேங்கி நிற்கும் வாரங்களே இவற்றுக்கு மிகவும் உகந்த காலம். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அந்தி சாயும் வேளையிலும் இரவிலும், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, இவை கடிக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் பறந்து செல்லக்கூடியவை. ஆகவே வீட்டைச் சுற்றியுள்ள பாத்திரங்களையெல்லாம் கவிழ்த்து வைப்பது டெங்குவுக்கு நல்ல காவலாகும். இந்நோய்க்கு அது போதாது.

இந்தக் கொசுக்கள் மனித இரத்தத்தை அவ்வளவாக விரும்புவதில்லை என்பது பலரும் அறியாத செய்தி. மாடு, பன்றி, பறவை ஆகியவற்றையே அவை முதலில் நாடுகின்றன. வயலில் மேயும் கொக்கு, மடையான் முதலிய நீர்ப்பறவைகளிடம் வைரஸ் இயற்கையாகவே குடியிருக்கிறது; அப்பறவைகள் நோயுற்று வீழ்வதில்லை. பன்றியின் உடலுக்குள் புகுந்தால் அது மிக விரைவாகப் பெருகி இரத்தத்தில் நிறைந்துவிடும். அந்தப் பன்றியைக் கடிக்கும் கொசுக்கள் பலவும் வைரஸைப் பெற்றுக்கொள்கின்றன. மாட்டின் உடலில் அவ்வாறு பெருகுவதில்லை. எனவே ஆடுமாடு வைத்திருப்போர் அஞ்ச வேண்டியதில்லை.

மனிதரிடம் நிகழ்வதும் மாட்டிடம் நிகழ்வதைப் போன்றதே. நம் இரத்தத்தில் வைரஸ் சிறிதளவே, அதுவும் சில நாள்களே, தென்படுகிறது. நம்மைக் கடித்த கொசு அதனை எடுத்துக்கொண்டு போய் வேறொருவருக்குக் கொடுக்கும் அளவுக்கு அது பெருகுவதில்லை. வைரஸின் பயணத்தில் மனிதர் வழி முட்டுச் சந்து. பாட்டியாரின் இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை: சிறுவனிடமிருந்து தங்கைக்கு நேரடியாகவோ கொசு வழியாகவோ நோய் தொற்றாது. ஆனால் இருவரும் ஒரே வயலோரத்தில், ஒரே கொசுக்களுக்கு நடுவில் வாழ்கிறார்கள். தங்கைக்குரிய ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கடித்த நாளிலிருந்து மூளை வரை

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் வைரஸ் தோலுக்குள் செல்கிறது. தோலிலுள்ள காவற்செல்கள் சிலவற்றுக்குள் முதலில் பெருகுகிறது. பின்னர் அருகிலுள்ள நெறிக்கட்டிகளை அடைந்து, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. கடித்ததிலிருந்து நோய்க்குறி தோன்றும் வரை ஐந்து முதல் பதினைந்து நாள் ஆகலாம்.

இந்த இடைவெளியில் மிகப் பெரும்பாலோரின் உடல் வைரஸை வென்றுவிடுகிறது. தொற்றுற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே மூளைக் காய்ச்சல் வருகிறது. மற்றவர்கள் தமக்குத் தொற்று வந்ததையே அறியாமல் கடந்துவிடுகிறார்கள். வயலோர ஊர்களில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே இந்நோய் மிகுதியாக வருவதன் காரணமும் இதுவே. பெரியவர்கள் பலர் இளமையிலேயே இவ்வாறு அறியாமல் தொற்றுற்று எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள்.

மூளையின் இரத்தக் குழாய்கள் உடலின் பிற குழாய்களைப் போன்றவையல்ல. அவற்றின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றி இணைந்து, இரத்தத்திலுள்ள பலவற்றையும் மூளைக்குள் விடாமல் தடுக்கின்றன. அந்தச் சிலரிடம் வைரஸ் இத்தடையைக் கடந்து நரம்புச் செல்களுக்குள் புகுகிறது. அச்செல்லின் உட்கருவிகளையே பயன்படுத்தித் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. செல் மடிகிறது, புதிய வைரஸ்கள் அடுத்த செல்லுக்குச் செல்கின்றன.

சேதம் இத்துடன் நின்றுவிடுவதில்லை. மூளைக்கெனத் தனியாகவுள்ள காவற்செல்கள் விழித்தெழுந்து, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றின் அழைப்பை ஏற்று இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் குழாய்களைச் சுற்றித் திரள்கின்றன. குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. மூளைத் திசு நீர்கோத்து வீங்குகிறது. கையில் அடிபட்டு வீங்கினால் தோல் விரிந்து இடங்கொடுக்கும். மண்டையோடு விரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. வைரஸ் தொடாத நரம்புச் செல்களும் இந்த அழற்சியிலும் அழுத்தத்திலும் சிக்கி மடிகின்றன. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என்று சிறுவனிடம் படிப்படியாகக் கண்ட மாற்றங்கள் இந்நிகழ்ச்சிகளின் வெளிப்பாடுகளே.

இந்த வைரஸ் மூளையின் எல்லாப் பகுதிகளையும் சமமாகத் தாக்குவதில்லை. மூளையின் நடுவில் இருபுறமும் அமைந்துள்ள தலாமஸ், உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் அடித்தளத் திரள்கள், மூளைத்தண்டு ஆகியவற்றையே இது பெரிதும் பற்றுகிறது. சிறுவனுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் இரு தலாமஸ்களிலும் அழற்சியின் சுவடு தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் அவன் கண் திறந்தபோது முகத்தில் எவ்வித உணர்ச்சியும் தோன்றவில்லை. கை கால்கள் விறைத்து, விரல்கள் நடுங்கின. முதியோருக்கு வரும் நடுக்குவாதம் போன்ற இத்தோற்றத்தைக் கண்டு தாயார் கலங்கினார். அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதி தாக்குண்டதால் வந்த நிலை அது. பிள்ளை தாயை மறந்துவிட்டதால் வந்ததன்று.

காலம் கடந்து வந்த காவல்

முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும் என்றபோது தந்தையார் தயங்கினார். அவ்வாறு எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று ஊரில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஊசி செல்லுமிடம் தண்டுவடம் முடிந்ததற்கும் கீழே என்பதைப் படம் வரைந்து காட்டிய பின்னர் இசைந்தார். நீர் தெளிவாக இருந்தது. அதில் வெள்ளையணுக்கள் மிகுந்திருந்தன. சர்க்கரை இயல்பாக இருந்தது. சீழ்பிடிக்கும் பாக்டீரியாத் தொற்றைவிட வைரஸ் அழற்சிக்கே இது பொருந்துகிறது.

ஆனால் எந்த வைரஸ்? இரத்தத்தில் வைரஸையே தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளை எங்களிடம் வருவதற்குள் அது இரத்தத்திலிருந்து மறைந்துவிடுகிறது. அதற்கெதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்பொருளைத்தான் தண்டுவட நீரில் தேடுகிறோம். சிறுவனின் முதல் மாதிரியில் அது தென்படவில்லை. முதல் சில நாள்களில் இவ்வாறு நேர்வது இயல்பே. அதைக்கொண்டு நோயில்லை என்று முடிவு செய்யக் கூடாது. பத்தாம் நாள் மறுபடியும் எடுத்தபோது எதிர்ப்பொருள் தெளிவாகத் தென்பட்டது.

சிறுவனின் உடல் ஊக்கமின்றி இருந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. அவனைக் காக்க வல்ல எதிர்ப்பொருளை அது உண்டாக்கியே இருந்தது. ஆனால் வைரஸ் மூளைக்குள் புகுந்த பின்னரே போதிய அளவில் உண்டாக்கியது. எங்களுக்கு நோயை உறுதிசெய்து கொடுத்த அந்த எதிர்ப்பொருள், இரு வாரம் முன்னரே அவன் இரத்தத்தில் இருந்திருந்தால், எங்கள் சோதனைக்கே தேவை ஏற்பட்டிராது.

மருந்து இருக்கிறதா என்று எல்லாக் குடும்பத்தாரும் கேட்கிறார்கள். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்று இல்லை. தாய்லாந்தில் அழற்சியை அடக்கும் டெக்ஸாமெத்தசோனையும், வியட்நாமில் இன்டர்ஃபெரானையும், நம் உத்தரப் பிரதேசத்தில் ரிபாவிரினையும் முறையான ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் பயன் காணப்படவில்லை. எனவே நாங்கள் செய்வது, மூளை தானே மீளும் வரை அதற்கு மேலும் சேதம் நேராமல் காப்பதே. வலிப்பை உடனுக்குடன் அடக்குகிறோம். தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறோம். அழுத்தத்தைக் குறைக்க மருந்து தருகிறோம். உயிர்வளியும் சர்க்கரையும் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். மூக்குக் குழாய் வழியே உணவளித்து, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறோம்.

அப்படியானால் முதல் நாளே அசைக்ளோவிர், டாக்ஸிசைக்ளின் முதலியவற்றை ஏன் கொடுத்தீர்கள் என்று தந்தையார் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஹெர்பிஸ் வைரஸாலும், ஒருவகைச் சிற்றுண்ணியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸாலும் இதே தோற்றமுள்ள மூளைக் காய்ச்சல் வரலாம். அவ்விரண்டுக்கும் மருந்துண்டு, தாமதித்தால் பயன் குறையும். சோதனை முடிவு வரும்வரை அம்மருந்துகளைக் கொடுத்து, அந்நோய்கள் இல்லையென்று தெரிந்தபின் நிறுத்திவிடுகிறோம்.

மூளைக் காய்ச்சலாக முற்றியவர்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை உயிரிழக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை ஏதேனும் ஒரு நரம்புக் குறைபாட்டுடன் வாழ நேரிடுகிறது. எங்கள் சிறுவன் இருபத்து நான்காம் நாள் வீடு திரும்பினான். ஆறு மாதத்தில் நடையும் பேச்சும் பெரிதும் தேறின. எழுதுகோலைப் பிடிப்பதில் இன்னும் இடர்ப்பாடு உள்ளது. பாடத்தில் கவனம் நிலைக்கவில்லை என்று ஆசிரியர் சொல்வதாகத் தாயார் கூறுகிறார். இயன்முறைப் பயிற்சி தொடர்கிறது.

தடுப்பூசி செய்வது என்ன?

அரசின் திட்டத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸால் ஆனது. சீனாவில் 1954-ஆம் ஆண்டு பிரித்தெடுத்த வைரஸ் ஒன்றை வெள்ளெலியின் சிறுநீரகச் செல்களில் மீண்டும் மீண்டும் வளர்த்து, நரம்புச் செல்லைத் தாக்கும் வலிமை இழந்த வகையொன்றைத் தேர்ந்தெடுத்து இதனை உருவாக்கினார்கள். கர்நாடகத்தின் கோலாரில் கிடைத்த வைரஸைக் கொண்டு இந்தியாவில் உருவாக்கப்பட்ட, முற்றிலும் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸால் ஆன தடுப்பூசியும் இப்போது உள்ளது.

இரண்டும் உடலுக்குக் காட்டுவது ஒன்றையே. அது வைரஸின் மேலுறையிலுள்ள புரதம். அந்தப் புரதத்தைக்கொண்டுதான் வைரஸ் செல்லின்மேல் ஒட்டி உள்ளே நுழைகிறது. தடுப்பூசி பெற்ற உடல் அதன்மேல் பொருந்தி அமரும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைக்கிறது. அவற்றை விரைவில் மீண்டும் உண்டாக்கும் நினைவுச் செல்களையும் சேமித்து வைக்கிறது. பின்னொரு நாள் வயற்கொசு கடித்து வைரஸைச் செலுத்தும்போது, இரத்தத்தில் ஏற்கெனவே காத்திருக்கும் எதிர்ப்பொருள்கள் அதன் உறையை மூடிவிடுகின்றன. செல்லுக்குள் நுழைய முடியாத வைரஸ் மூளையின் வாயிலை எட்டுவதற்கு முன்னரே அழிகிறது. இந்தக் காவல் ஏற்பட ஊசி போட்டதிலிருந்து ஏறத்தாழ இரு வாரம் ஆகும். காய்ச்சல் வந்தபின் ஊசி போட்டுப் பயனில்லை என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நேபாளத்தில் 1999-ஆம் ஆண்டு ஒரே தவணை போடப்பட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அளவில் நோய் தடுக்கப்பட்டது ஆய்வில் தெரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் 2005-ஆம் ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மூளைக் காய்ச்சலால் இறந்தனர். அதன்பின் 2006-ஆம் ஆண்டு இந்தியாவில் பெருமளவில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்ட இடத்தில் வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் வரலாம். கருவுற்றோர்க்கும் எதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசியைப் போடுவதில்லை. பிற காரணங்களால் வரும் மூளைக் காய்ச்சல்களை இந்த ஊசி தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, பாட்டியாரின் மூன்றாவது கேள்வி. தட்டம்மை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஊரில் ஏறக்குறைய எல்லாரும் ஊசி போட்டிருந்தால், போடாத ஓரிருவரிடம் நோயைக் கொண்டுசேர்க்க ஆளில்லாமல் போகும். அண்டை வீட்டாரின் ஊசி நம் பிள்ளையையும் ஓரளவு காக்கும். ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் அது நடவாது. அண்டை வீட்டுப் பிள்ளை வைரஸின் வழியில் ஒருபோதும் இருந்ததில்லை. கொக்குக்கும் பன்றிக்கும் யாரும் ஊசி போடவில்லை. வயலில் கொசு எப்போதும்போலப் பெருகுகிறது. தெருவில் நூறு பிள்ளைகள் ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒரு பிள்ளைக்குள்ள ஆபத்து அணுவளவும் குறைவதில்லை. இந்நோயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் சொந்த ஊசி மட்டுமே காவல்.

அந்தச் சிறுவனின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தோம். போலியோ, தட்டம்மை எல்லாம் குறித்த நாளில் போடப்பட்டிருந்தன. பெற்றோரின் கவனக்குறைவு எதுவுமில்லை. அவன் பிறந்த காலத்தில் குடும்பம் வேலை நிமித்தமாக வேறொரு மாவட்டத்தில் மூன்று ஆண்டு இருந்திருக்கிறது. இந்த ஊசி நோய் காணப்படும் மாவட்டங்களில் மட்டுமே போடப்படுகிறது. அங்கே அது திட்டத்தில் இல்லை. ஊர் திரும்பியபின் அந்த வெற்றிடத்தை யாரும் கவனிக்கவில்லை.

நம் மாவட்டத்தில் ஒன்பது மாதம் நிறைந்ததும் முதல் தவணையும், பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் இரண்டாம் தவணையும், தட்டம்மை ஊசி போடும் நாள்களிலேயே இலவசமாகப் போடப்படுகின்றன. தவறவிட்ட பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது வரை போடலாம். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தினர், பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று நினைத்தாலும், அட்டையில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்குரிய கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையுடன் செல்லுங்கள்; எத்தனை தவணை என்பதைச் செவிலியர் பார்த்துச் சொல்வார். பிள்ளைக்கு அன்று கடுங்காய்ச்சல் இருந்தால் மட்டும் தேறும்வரை பொறுக்கலாம்.

அண்ணன் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த வாரத்திலேயே மூன்று வயதுத் தங்கையைப் பாட்டியார் ஊசிக்கு அழைத்துச் சென்றார். எதிர்ப்பாற்றல் உண்டாக இரு வாரமாகும் என்று சொல்லியிருந்ததால், அதுவரை அந்தியில் அவளை வெளியே விடாமல், இரவில் கொசுவலைக்குள்ளேயே உறங்கவைத்தார். அண்ணனுக்கும் இனிமேல் போட வேண்டுமா என்று கேட்டார். வேண்டியதில்லை என்றோம். நோயே அவனுக்கு அந்த எதிர்ப்பாற்றலைக் கொடுத்துவிட்டது.